பதினைந்து விநாடி அறிவிப்பில் பணத்தைத் தின்னும் வாக்கியம்

கடந்த மாதம் தருமபுரத்திலிருந்து ஒரு பிள்ளை தன் முதல் விற்பனை வீடியோவை எனக்கு அனுப்பி, "அக்கா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டாள். துணியை நன்றாகவே காட்டியிருந்தாள். வெளிச்சம் சரி, விலையும் தெளிவு. கடைசியில் வந்தது அந்த அறிவிப்பு: "எமது ஆடைகள் அனைத்தும் உயர்தரமானவை. ஏதேனும் குறைபாடு இருப்பின் ஏழு நாட்களுக்குள் மாற்றித் தரப்படும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

வாசித்துப் பார்க்கவே எரிச்சல் வந்தது. பிள்ளை மீதான கோபமில்லை அது. கிளிநொச்சியில் வீட்டு முன்னறையை வைத்து நான் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது, ஏறத்தாழ இதே மூன்று வரிகளைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் பார்த்து எழுதினேன் என்பதுகூட நினைவில்லை. இந்த வரிகள் கைமாறிக் கைமாறி வருகின்றன. அவற்றோடு நட்டமும் வருகிறது.

சத்தம் தெளிவாக இருக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. இரண்டாவது வீடியோவிலேயே அவை தாமாகத் தெரிந்துவிடும். மாற்றிக் கொடுப்பதைப் பற்றிய பதினைந்து விநாடி அறிவிப்பில் நாம் விடும் பிழைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"மாற்றித் தரப்படும்" என்று மட்டும் சொல்வது

தரப்படும், சரி. கூரியர் காசை யார் கொடுப்பது?

கடைக்கு நேரில் வருகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. புதன்கிழமை வாங்கியதை வெள்ளிக்கிழமை பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து மாற்றிக்கொண்டு போவார். "மாற்றித் தருவோம்" என்று கேட்டதும் வாங்குபவரின் மனதில் வருவது அந்தக் கடைதான். செலவில்லாமல் மாற்றலாம் என்றே அவர் விளங்கிக்கொள்கிறார். அதில் அவருடைய பிழை ஒன்றுமில்லை.

என் கதையைச் சொல்கிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்திய வாரம் அது. ஒரு சுடிதார் தொகுதியை 3,200 ரூபாய்க்குப் போட்டிருந்தேன். எனக்கு அடக்கம் 2,450; ஒன்றில் 750 ரூபாய் நிற்கும். அனுப்பும் கூரியர் 400 ரூபாய், அதை வாங்குபவர் கொடுப்பார். இதுவரை கணக்கு அழகாகத்தான் இருந்தது.

நெடுங்கேணியிலிருந்து ஒரு சகோதரி எல் அளவு எடுத்தார். மார்பில் இறுக்கமாக இருந்ததால் எக்ஸ்எல் கேட்டார். திருப்பி அனுப்பியபோது, பெறுபவர் பணம் செலுத்தும் முறையில் அனுப்பிவிட்டார். கூரியர்க்காரர் என் வாசலில் நின்று 400 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். எக்ஸ்எல்லை அனுப்ப இன்னொரு 400. ஆக 800. அந்த உடுப்பில் எனக்கு நின்ற 750 ரூபாயும் போய், மேலே 50 ரூபாய் கையிலிருந்து போனது. அந்தச் சகோதரியைத் தொலைபேசியில் அழைத்துக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அக்கா, மாற்றித் தருவோம் என்றுதானே சொன்னீர்கள். அனுப்புகிற காசைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே."

வீடியோவைப் போட்டுக் கேட்டேன். சொல்லித்தான் இருக்கவில்லை.

அந்த வாரம் அப்படி ஒன்பது பார்சல்கள் திரும்பின. ஒன்பதுக்கும் கூரியர் 7,200 ரூபாய். ஒன்பதிலும் சேர்த்து எனக்கு நின்றிருக்க வேண்டியது 6,750. பொங்கலுக்கு முந்திய ஒரு வார உழைப்புக்கு 450 ரூபாய் தண்டம். ஒன்பதில் கிழிந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாமே அளவுப் பிரச்சினை.

ஆகவே காரணத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். கிழிசல், கறை, காட்டிய நிறத்துக்குப் பதில் வேறு நிறம், கேட்ட அளவுக்குப் பதில் வேறு அளவு: இவை நம் பிழை. இருபக்கக் கூரியரும் நம்முடையது. அதே துணி கையிருப்பில் இல்லாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டது சரியாகப் போய்ச் சேர்ந்து, உடம்புக்குப் பொருந்தவில்லை, மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு. அங்கே மாற்றிக் கொடுக்கலாம். கூரியரை வாங்குபவர் ஏற்க வேண்டும். புதியதைக் கொடுத்துப் பழையதை அதே கையோடு வாங்கிவரும் வசதி சில கூரியர் நிறுவனங்களில் இருக்கிறது. கேட்டு வைத்திருந்தால் ஒரு ஓட்டம் மிச்சம். ஆனால் அந்தக் கட்டணமும் யாருடையது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"கூரியர் உங்களது என்று சொன்னால் வாங்க மாட்டார்கள் அக்கா" என்றாள் தருமபுரத்துப் பிள்ளை. சிலர் வாங்க மாட்டார்கள்தான். அவர்களில் பாதிப்பேர், வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பவர்கள்.

ஏழு நாள் என்கிறாய், எந்த நாளிலிருந்து?

ஓடர் போட்ட நாளா, நாம் அனுப்பிய நாளா, பார்சல் கைக்குப் போன நாளா? ஏ-9 வீதியோரத்தில் இருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. துணுக்காய்ப் பக்கம், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, முழங்காவில் என்று போனால் கதை வேறு. கூரியர் வண்டி தினமும் அந்தப் பக்கம் ஓடுவதில்லை. அழைக்கும் நேரத்தில் வயலில் நிற்பவருக்கு அழைப்பு கேட்காது. பார்சல் நகரக் கிளையில் கிடந்து இரண்டாம் முறை வரும். நான் திங்கட்கிழமை அனுப்பிய ஒரு சேலை அடுத்த திங்கள்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏழு நாள் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த அம்மாவிடம் "கெடு தாண்டிவிட்டது" என்று எந்த முகத்தோடு சொல்வது?

கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் போதும். பார்சலைப் பிரித்து ஒருமுறை போட்டுப் பார்க்க அதற்கு மேல் தேவையில்லை. அந்த மூன்று நாள் நமக்குச் சொல்வதற்கான கெடு மட்டுமே. பார்சல் அதற்குள் நம்மிடம் திரும்பி வந்தாக வேண்டும் என்றால் வன்னியின் உட்கிராமங்களில் யாராலும் முடியாது. கைக்குப் போன திகதியில் சண்டை வந்தால் கூரியர் பதிவில் ஒப்படைத்த நாள் இருக்கும். அதைப் பார்த்தால் முடிந்தது.

"நிபந்தனைகளுக்கு உட்பட்டது"

எந்த நிபந்தனை? சொல்லாததை நிபந்தனை என்று வாங்குபவர் ஏற்கமாட்டார். அந்த இரண்டு சொல்லின் இடத்தில் உண்மையான நிபந்தனை ஒன்றை வைக்கலாம்.

"விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது"

நட்டப்பட்டவர்கள் அடுத்து ஓடிப்போய் ஒளியும் இடம் இது. நானும் இரண்டு மாதம் ஒளிந்திருந்தேன். பிடிக்காமல் திருப்புவதை மறுக்க நமக்கு இடமிருக்கலாம். ஆனால் வீடியோவில் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று என்றால் இந்த வாக்கியம் நம்மைக் காப்பாற்றாது. பொருளைப் பற்றிப் பொய்யான, தவறாக வழிநடத்தும் கூற்றுகளை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பது அதற்கும் பழைய விதி. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. முறைப்பாடு சொல்ல அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருப்பதை வாங்குபவர்கள் அறிவார்கள்.

வேகமாகப் படித்து முடிப்பது

வேண்டாம். சொற்களைக் குறையுங்கள்.

நிதானமாக, மூச்சு விட்டுப் பேசினால் பதினைந்து விநாடிக்குள் இருபத்தைந்து, இருபத்தெட்டுத் தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். நம் சொற்கள் நீளமானவை; "மாற்றிக்கொள்ளப்படமாட்டாது" என்ற ஒரு சொல்லே இரண்டு விநாடியைத் தின்றுவிடும். ஆகவே "உயர்தரமானவை" போக வேண்டும், "ஏதேனும் குறைபாடு இருப்பின்" போக வேண்டும். இப்போது நான் சொல்வது இது, இருபத்தாறு சொல்:

"பார்சல் கைக்கு வந்து மூன்று நாளுக்குள் சொல்லுங்கள். கிழிசல், வேறு நிறம் எங்கள் பிழை: மாற்றித் தருவோம், இல்லாவிட்டால் காசு, கூரியர் எங்களது. அளவு பொருந்தாவிட்டால் மாற்றலாம், இருபக்கக் கூரியரும் உங்களது. உடுத்ததையும் தைத்ததையும் எடுக்கமாட்டோம்."

"உடுத்தது" என்றால் வெளியே உடுத்திக்கொண்டு போனது. வீட்டில் போட்டுப் பார்ப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. "தைத்தது" என்றால் வாங்கியவர் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டது. கறை, தவறான அளவு, உள்ளாடைகளை மாற்றுவதில்லை என்பது போன்றவற்றுக்கு இதில் இடமில்லை. அவற்றை வீடியோவின் கீழே எழுத்தில் போடுகிறேன். ஓடர் எடுக்கும்போது வட்ஸ்அப்பிலும் அதே எழுத்தை ஒருமுறை அனுப்பிவிடுகிறேன். எல்லாவற்றையும் குரலில் திணிக்கப்போனால் எதுவும் காதில் நிற்காது.

கடைசியில் வைப்பது

விலையைச் சொன்னதும் இதைச் சொல்லுங்கள், தொலைபேசி இலக்கத்துக்கு முன்னால். இலக்கம் கிடைத்தவர் அதற்குப் பிறகு எதையும் கேட்பதில்லை. வீட்டு வாசலில் காசு கொடுத்து எடுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. காசு வாங்கும் முன் பார்சலைப் பிரிக்கக் கூரியர்க்காரர் பெரும்பாலும் விடமாட்டார்.

தானே கேட்டுப் பார்த்துச் சரியென்பது

எழுதியவருக்குத் தன் எழுத்து எப்போதும் விளங்கும். முன்பு கேட்டிராத ஒருவருக்கு ஒரேயொரு முறை போட்டுக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள், எந்த நாளிலிருந்து, அளவு சரியில்லாவிட்டால் கூரியர் யாருடையது. ஒன்றுக்குத் தடுமாறினாலும் அந்த வரியைத் திருத்த வேண்டும். தருமபுரத்துப் பிள்ளை தன் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். முதல் இரண்டுக்கும் அம்மா உடனே பதில் சொன்னாராம். மூன்றாவதுக்கு, "இருபக்கமும் என்றால் எண்ணூறு ரூபாயா? அப்படியென்றால் முதலே அளந்து சொல்லு பிள்ளை" என்று அளவு நாடாவைத் தேடப் போய்விட்டாராம்.

எனக்கும் இப்போது வரும் செய்திகளில் பாதி அந்த மாதிரிதான். "அக்கா, எல் என்றால் மார்பு எத்தனை அங்குலம்?" முன்பு இதே கேள்வி பார்சல் போன பிறகு வந்துகொண்டிருந்தது.