ரூம் எக்கோ, ஆடுற போன்: ஒரு ஆரி கிளாஸ் வீடியோவுல இருந்த தப்பும் அதை சரி பண்ண விதமும்

எங்க தெருவுல ஒரு அக்கா ஆரி ஒர்க் சொல்லித் தர்றாங்க, பதினஞ்சு வருஷமா பிளவுஸுக்கு ஒர்க் போடுறவங்க, கை அவ்வளவு சுத்தம். போன்லயே வீடியோ எடுத்து யூடியூப்ல போட ஆரம்பிச்சாங்க, ஆனா எத்தனை பேர் விடாம பாக்கறாங்கன்னு காட்டற ரிடென்ஷன் கோட்டைப் பாத்தா முதல் அரை நிமிஷத்துலயே மலை உச்சியில இருந்து விழற மாதிரி விழுது. "தம்பி, நான் சொல்லித் தர்றது புரியலையா?"ன்னு கேட்டாங்க. நான் வீடியோவைப் போட்டுப் பாத்தேன். அவங்க சொல்லித் தர்றதுல ஒரு குறையும் இல்ல, குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, படம் ஊசி குத்துற ஒவ்வொரு தடவையும் நடுங்குது, அவ்வளவுதான் விஷயம்.

அவங்களுக்கு இது ஏன் தெரியலன்னா, அந்த ரூம்ல உக்காந்திருக்கும்போது யாருக்குமே எக்கோ பெருசா தெரியாது. நமக்கு ரெண்டு காது இருக்கு, சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு மூளைக்குத் தெரியும், வாயில இருந்து நேரா வர்றதை எடுத்துக்கிட்டு சுவர்ல பட்டு கொஞ்சம் லேட்டா வர்றதை அதுவே ஓரம் தள்ளிடும். போன்ல ரெக்கார்ட் பண்ணி ஒரு சின்ன ஸ்பீக்கர்ல கேக்கறப்போ நேர் சத்தம், சுவர் சத்தம் எல்லாம் ஒரே ஓட்டை வழியா ஒண்ணா வருது, மூளையால பிரிக்க முடியல. ஒவ்வொரு வார்த்தையோட வாலும் அடுத்த வார்த்தை மேல ஏறி உக்காந்துக்கும். பாக்கறவங்களுக்கு "எக்கோ அடிக்குது"ன்னு சொல்லத் தெரியாது, கேக்க கஷ்டமா இருக்கு, நகந்துடுவாங்க. பஸ்ல போயிட்டே கேக்கறவங்கன்னா இன்னும் சீக்கிரம்.

அக்காவோட ரூம் 10க்கு 12 அடி, கீழ டைல்ஸ், மேல கான்க்ரீட், நாலு பக்கமும் பெயிண்ட் அடிச்ச வெறும் சுவர், ஓரமா ஒரு ஸ்டீல் பீரோ. இந்த சாமான் எதுவும் சத்தத்தை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அடிக்கும். இந்த மாதிரி காலி ரூம்ல ஒரு சத்தம் முழுசா அடங்க ரெண்டு செகண்ட் வரைக்கும் கூட ஆகலாம். செக் பண்ண ரூம் நடுவுல நின்னு ஒரே ஒரு கைத்தட்டு தட்டுங்க, "பட்"னு நின்னா பரவால்ல, பின்னாடியே "டிர்ர்ர்"னு ஒரு வால் வந்தா எதிரெதிர் சுவருக்கு நடுவுல சத்தம் பந்து மாதிரி குதிக்குதுன்னு அர்த்தம்.

இதுக்கு எல்லாரும் முதல்ல பண்ற தப்பு, முட்டை அட்டையை வாங்கி சுவர்ல ஒட்டறது. நிறைய பேர் ஒட்டியிருக்காங்க, அது மேல எனக்கு நம்பிக்கை சுத்தமா இல்ல, ஏன்னா அது லேசான அட்டை, சத்தத்தை அங்க இங்க கொஞ்சம் சிதறடிக்குமே ஒழிய உறிஞ்சாது. ஆன்லைன்ல விக்கற ஒரு இன்ச் ஃபோமும் "ஸ்" "ச்" மாதிரி கீச்சு சத்தத்தை மட்டும் எடுத்துட்டு குரலோட அடிப்பகுதியை விட்டுடும், அப்புறம் டப்பாக்குள்ள பேசற மாதிரி இருக்கும். தடியா, மெத்துன்னு, கனமா இருக்கறதுதான் வேணும், அது வீட்டுலயே இருக்கு, மெத்தை.

இது ஒண்ணும் புதுசு இல்ல, 1895ல அமெரிக்காவுல ஹார்வர்ட் யுனிவர்சிட்டியில புதுசா கட்டின ஒரு லெக்சர் ஹால்ல பேசினா அஞ்சரை செகண்ட் சத்தம் அடங்காம நின்னுச்சு, பாடமே நடத்த முடியல. வாலஸ் சபைன்னு ஒரு இளம் பேராசிரியர், பக்கத்து தியேட்டர்ல இருந்து சீட் குஷனை எல்லாம் ராத்திரியில தூக்கிட்டு வந்து, ஒவ்வொரு குஷனா வெச்சு சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு அளந்தாரு, விடியறதுக்குள்ள குஷனைத் திருப்பி வெச்சுடணும். அவர் கண்டுபிடிச்ச கணக்கைத்தான் ஹால் கட்டறவங்க இன்னிக்கும் போடுறாங்க, ரூம் எவ்வளவு பெருசு, உள்ள உறிஞ்சற சாமான் எவ்வளவு, இந்த ரெண்டுதான் கணக்கு. அந்தக் கணக்கை அக்கா ரூமுக்குப் போட்டா, ரெண்டு மெத்தையும் நாலு தடி போர்வையும் உள்ள வந்தாலே ரெண்டு செகண்ட் ஒரு செகண்டுக்குக் கீழ இறங்கிடும்.

எங்க வெக்கறதுங்கறதும் முக்கியம். வாய் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தச் சுவர்லதான் சத்தம் முதல்ல போய் முட்டும், அதனால ஒரு இலவம்பஞ்சு மெத்தையை அக்காவுக்கு எதிர்ச் சுவர்ல சாய்ச்சோம், இன்னொண்ணை அவங்க முதுகுக்குப் பின்னாடி, பக்கச் சுவர் ஒண்ணுல கொடி கட்டி போர்வையை ரெண்டா மடிச்சு சுவர்ல இருந்து நாலு விரக்கடை தள்ளித் தொங்க விட்டோம், அந்த இடைவெளி இருந்தா இன்னும் நல்லா உறிஞ்சும். பீரோ கதவை முழுசா திறந்து வெச்சோம், உள்ள அடுக்கியிருக்கற புடவையும் வேலை செய்யும்ல. தரைக்கு ஜமக்காளம் மெல்லிசு, அதை நாலா மடிச்சுப் போட்டோம். திரும்பத் தட்டினோம், வால் போயிடுச்சு.

ஆனா ரூமை மட்டும் சரி பண்ணி பாதி கிணறுதான் தாண்டியிருந்தோம், ஏன்னா போன் அஞ்சு அடி தள்ளி ஷெல்ஃப்ல இருந்துச்சு. அந்த மாதிரி காலி ரூம்ல வாயில இருந்து சுமார் ஒரு சாண் தூரத்துலயே நேர் சத்தமும் சுவர் சத்தமும் சரிபாதி ஆயிடும், அதுக்கு அப்பால போகப் போக சுவர் சத்தம்தான் ஜெயிக்கும், அஞ்சு அடியில நேர் சத்தத்தை விட அது பல மடங்கு. மெத்தை போட்ட பிறகு அந்த எல்லை ஒண்ணேகால் அடி கிட்ட தள்ளிப் போகும், அவ்வளவுதான். அதனால மைக் வாய்க்கு ஒரு சாண்ல இருக்கணும், இதுக்கு மாத்தே கிடையாது. வயர் இயர்போன்ல ஒரு மைக் இருக்குல்ல, அதை புடவை தலைப்புல பின் குத்தி நெஞ்சு மேல வெச்சா அதே ஒரு சாண். வயரை துணிக்குள்ள ஒரு சுத்து விட்டு பின் பண்ணுங்க, இல்லன்னா கை அசையறப்போ எல்லாம் "கரகர"ன்னு உரசும்.

ஒரு இடத்துல நாங்களே ஏமாந்தோம். இயர்போனை சொருகிட்டோம், ஒரு மணி நேரம் எடுத்தோம், கேட்டா பழைய கிணத்துக் குரல், போனோட கேமரா ஆப் வெளி மைக்கை எடுத்துக்கவே இல்ல. சில போன்ல இப்படித்தான். அதனால ரெக்கார்ட் போட்டுட்டு மைக்கை நகத்தால மூணு தட்டு தட்டுங்க, உடனே நிறுத்திக் கேளுங்க, "டக் டக் டக்"னு பெருசா விழுந்தா அந்த மைக்தான் ஓடுது, மெதுவா எங்கயோ கேட்டா போனோட சொந்த மைக்தான். எங்களுக்கு மெதுவாதான் கேட்டுச்சு, அதனால அக்கா பையனோட பழைய போன்ல இயர்போனை சொருகி வாய்ஸ் ரெக்கார்டர் ஆன் பண்ணி மடியில வெச்சோம், ஆரம்பத்துல கேமராவுக்குத் தெரியற மாதிரி ஒரு கைத்தட்டு. எடிட் பண்றப்போ கை சேர்ற படத்தையும் ஆடியோவுல வர்ற கூரான முள்ளையும் ஒண்ணா நிறுத்தினா ரெண்டும் பொருந்திடும். ரொம்ப நீளமா எடுத்தா ரெண்டு போனும் மெல்ல விலகும், அதனால அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி எடுக்கறது நல்லது.

ஃபேனை ஆஃப் பண்ணித்தான் ஆகணும், வேற வழி இல்ல. ஒரு டேக் அஞ்சு நிமிஷம், நடுவுல ஃபேன் போட்டு ஆத்திக்கறாங்க. அப்புறம் எக்கோ ரிமூவ் பண்ற ஆப் இருக்கேன்னு கேப்பீங்க, ஃபேன் இரைச்சல் மாதிரி ஒரே சீரா வர்றதை எடுக்கறது சுலபம், எக்கோங்கறது அவங்க குரலேதான், அதை வெட்டப் போனா குரலும் சேந்து வெட்டுப்படும், தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிடும்.

இப்ப ஆட்டத்துக்கு வர்றேன். அக்கா முதல்ல ஷெல்ஃப்ல வெச்சு மூணு மடங்கு ஜூம் பண்ணாங்க, ஜூம் மூணுன்னா ஆட்டமும் மூணு மடங்கு தெரியும். அடுத்து போன் ஹோல்டரை ஆரி ஃப்ரேம்லயே மாட்டினாங்க, ஊசி துணியைக் குத்தறப்போ எல்லாம் ஃப்ரேம் அதிருது, போனும் அதிருது. போன் கேமரா படத்தை மேல இருந்து கீழ வரி வரியா படிக்கும், படிச்சு முடிக்கறதுக்குள்ள போன் அசைஞ்சா நேர்க்கோடு ஜெல்லி மாதிரி நெளியும், ஜரி நூல் வளைஞ்சு வளைஞ்சு தெரிஞ்சது இதனாலதான். பாக்கறவங்களுக்குக் கண்ணு "ஆடுது"ங்குது, உடம்பு "சும்மாதான் இருக்கோம்"ங்குது, அந்த முரண்ல தலை கிறுகிறுக்கும், சிலருக்குக் குமட்டும். இன்னொண்ணும் இருக்கு, முழுப் படமும் ஆடினா வீடியோவை சுருக்கி அனுப்பறது கஷ்டம், நெட் கம்மியா இருக்கறவங்களுக்குக் கல்லும் மணியும் சதுரம் சதுரமா கலங்கித் தெரியும்.

ஸ்டெடி மோட் போட்டா போதும்னு நினைக்கறது பெரிய தப்பு, அது படத்தோட ஓரத்தை வெட்டித்தான் நேர் பண்ணும், அதை விட, ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒவ்வொரு படமும் பதிய நேரம் ஆகறதால அசைவு படத்துக்குள்ளயே கலங்கலாப் பதிஞ்சுடும். ஸ்டெடி மோட் படத்தை நேரா நிறுத்தும், கலங்கலை எடுக்காது, படம் நிக்குது ஆனா தெளிஞ்சு தெளிஞ்சு மங்குது, அது இன்னும் எரிச்சல்.

நாங்க பண்ணது இதான், ஆரி ஃப்ரேமுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மர நாற்காலி, ரெண்டும் ஃப்ரேமைத் தொடாம, குறுக்க ஒரு கனமான பலகை, பலகை மேல போனைப் படுக்க வெச்சு லென்ஸ் மட்டும் விளிம்புக்கு வெளிய நீட்டிட்டு இருக்கும். பலகையோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கிலோ பருப்பு பாக்கெட், போன் மேல ரப்பர் பேண்ட், போன் விழுந்தா ஊசி மேலதான் விழும், அதனால ஒரு நாடாவாலயும் சேத்துக் கட்டினோம். துணிக்கும் லென்ஸுக்கும் ஒன்றரை அடி, ஜூம் தேவையே இல்ல. படுக்க வெச்ச போனுக்கு மேல எது கீழ எதுன்னு குழம்பிடும், எந்தத் திசையில பதியுதுன்னு பத்து செகண்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். பட்டனை அமுக்கறப்போ வர்ற ஆட்டம் அடங்க மூணு எண்ணிட்டு கைத்தட்டு, அதுக்கு முன்னாடி இருக்கறதை வெட்டிடலாம். ஃப்ரேமை ஜன்னல் பக்கம் திருப்பினோம், வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்ததால பலகை நிழலும் துணி மேல இல்ல, படமும் கூர்மையா வந்துச்சு.

சரியா நிக்குதான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன வழி, எடுத்த வீடியோவுல ஃப்ரேமோட மர விளிம்பு எங்க இருக்குன்னு பாத்து ஸ்க்ரீன் மேல ஒரு ஸ்கேலை வெச்சு ஓட விடுங்க, ஊசி குத்தறப்போ விளிம்பு ஸ்கேலை விட்டு விலகக் கூடாது. முதல் தடவை விலகிச்சு, பாத்தா அக்காவோட முழங்கால் நாற்காலி காலைத் தொட்டுட்டு இருந்துச்சு.

மொத்தத்துக்கும் வாங்கினது ரப்பர் பேண்ட் மட்டும்தான். புது வீடியோவுல ஊசி துணியைக் குத்தி நூலை மேல இழுக்கற அந்த சின்ன "டுப்" சத்தம் தனியாக் கேக்குது, அதை வெச்சு வேகத்தைப் பிடிக்க முடியுதுக்கா, நானும் கூடவே போடுறேன்னு ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சு, அக்கா அதை எனக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினாங்க.