வயிற்று உப்புசத்துக்குக் காரணம் பல்செட்டா? வீட்டிலேயே பார்ப்பது எப்படி

வீட்டில் உள்ள பெரியவருக்கு இட்லியும் ரசம் சாதமும் ஒத்துக்கொள்கின்றன; சுண்டல், சப்பாத்தி என்றால் மட்டும் வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது. இப்படி இருந்தால் ஓமத்தண்ணீர் வைப்பதற்கு முன் வாயைப் பாருங்கள்.

திட உணவு ஓரிரு மில்லிமீட்டர் துகளாகும் வரை இரைப்பை பெரும்பாலும் அதைக் கீழே விடாது. வாய் செய்யாத அரைவையை இரைப்பை செய்ய வேண்டியிருப்பதால் உணவு அங்கேயே தங்குகிறது. வயிறு கனப்பதும் ஏப்பமும் அதனால்தான். அரைபடாத கடலைக்குள் இருக்கும் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும்.

1. சாப்பிடும்போது கவனியுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து விழுங்குகிறாரா? ஒரே பக்கமாக மெல்கிறாரா? பொரியலை ஓரமாக ஒதுக்குகிறாரா? காய்கறி குறைந்தால் மலச்சிக்கல் வரும். அதுவும் வயிற்றை உப்ப வைக்கும்.

2. செட்டைச் சோதியுங்கள். வாயை லேசாகத் திறந்து நாக்கை மெல்ல வெளியே நீட்டச் சொல்லுங்கள். கீழ்ச் செட் சட்டென்று எழும்பினால் அது தளர்ந்திருக்கிறது. பல் போனபின் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும், செட் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழே அந்தப் பிடிப்பு இல்லாததால் கீழ்ச் செட்தான் அதிகம் ஆடும். பிறகு செட்டைக் கழற்றி, டார்ச் அடித்து ஈறைப் பாருங்கள். சிவப்போ புண்ணோ இருந்தால் வலிக்குப் பயந்தே மெல்லாமல் விழுங்குவார்.

3. ஒரு வாரம் சுண்டலை வைத்தே பாருங்கள். ஒரு நாள் முழுக் கடலை. இரண்டு நாள் கழித்து அதே அளவு, அதே தாளிப்பு. கடலையை மட்டும் நன்றாக மசித்துக் கொடுங்கள். நேரத்தையும் மாற்ற வேண்டாம். கடலை யாருக்குமே கொஞ்சம் வாயு தரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மசித்த அன்று உப்புசம் தெளிவாகக் குறைந்தால், கோளாறு பெரும்பாலும் கடலையில் இல்லை, மெல்லுவதில்தான். இரண்டு நாளும் ஒரே மாதிரி இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

அதுவரை காயைப் பொடியாக நறுக்கிக் குழைய வேகவையுங்கள். சின்னக் கவளமாக எடுத்து, இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெல்லச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மென்றால் செட் மறுபக்கம் தூக்கும்.

எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்தால் அதை வாயு என்று நினைத்து உட்கார்ந்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

4. பல் டாக்டரிடம் காட்டுங்கள். செட்டின் உட்புறத்தை ஈறுக்கு ஏற்றபடி நிரப்பித் தரலாம். ரொம்பத் தேய்ந்திருந்தால் புதுசுதான். கடையில் விற்கும் பசை சில நாளைக்குத் தாங்கும், அவ்வளவே. வீட்டில் அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். புண் இருந்தாலும் போகும் அன்று கொஞ்ச நேரம் செட்டைப் போட்டிருக்கட்டும். எங்கே உரசுகிறது என்பது அப்போதுதான் டாக்டருக்குத் தெரியும்.