காயத்தால் மெட்ச் விளையாட முடியாதபோது கெப்டனுக்கு மெசேஜ் எழுதுவது எப்படி?

வெள்ளிக்கிழமை பின்னேரம், மழை விட்ட நேரம். லயத்துக்கு இறங்குகிற கல்படியில் பாசி வழுக்கி என் இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. ஞாயிறு காலை நோர்வூட்டில் மெட்ச். எங்கள் டீமில் முதல் ஓவர் போடுகிறவன் நான். அன்றிரவு கெப்டனுக்கு இப்படி அனுப்பினேன்:

"அண்ணே, கால் கொஞ்சம் சரியில்ல. பாப்போம். முடிஞ்சா வாறேன்."

"சரி தம்பி, ரெஸ்ட் எடு" என்று பதில் வந்தது. அண்ணன் என் பெயரை லிஸ்டிலேயே வைத்திருந்தார். ஞாயிறு காலை நான் நொண்டிக்கொண்டு போய் நின்றபோதுதான் அவருக்கு விசயம் முழுதாகப் புரிந்தது. அதற்குள் லிஸ்டைக் கொடுத்து டொஸ்ஸும் போட்டாகிவிட்டது. அன்று பத்துப் பேரோடு ஆடினோம். அந்த மெசேஜை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

டொஸ்ஸுக்கு முன், பின் என்ன வித்தியாசம்?

இது தெரிந்தால் மெசேஜில் என்ன இருக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். கிரிக்கெட் சட்டப்படி கெப்டன் தன் ஆட்களின் பெயரை டொஸ்ஸுக்கு முன் எழுதி அம்பயரிடம் கொடுக்க வேண்டும். அதன்பிறகு ஒருவரை மாற்ற எதிரணிக் கெப்டன் சம்மதிக்க வேண்டும்.

"வந்து நிற்கிறேன், ஓட முடியாவிட்டால் ரன்னர் கேட்போம்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ரன்னர் கொடுப்பது மெட்ச் நடக்கும்போது பட்ட காயத்துக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை படியில் பட்டதற்குக் கிடையாது. பீல்டிங்குக்கு மாற்று ஆள் கேட்டாலும் அம்பயர் முதலில் பார்ப்பது, காயம் மெட்ச்சில் பட்டதா என்பதைத்தான். அப்படியே ஒருவர் உள்ளே வந்தாலும் அவர் பந்து போட முடியாது, பேட் பிடிக்கவும் முடியாது. தோட்டத்து சொப்ட்போல் போட்டிகளில் சிலசமயம் விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் அதை நம்பி லிஸ்டில் பெயரை வைக்க வேண்டாம்.

படி 1: காலைப் பார்த்து முடிவெடுங்கள்

போனை எடுப்பதற்கு முன் எழுந்து நாலு அடி நடந்து பாருங்கள். எதையும் பிடிக்காமல் நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இரண்டு பக்கத்து மொட்டு எலும்புகளின் பின்விளிம்பை அமுக்கினால் எலும்பிலேயே வலித்தாலோ அது வெறும் சுளுக்காக இல்லாமலும் இருக்கலாம். ஹொஸ்பிட்டலுக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மெட்ச் பற்றி அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

நடக்க முடிகிறது, வெளிப்பக்கம் வீங்கியிருக்கிறது என்றால் பெரும்பாலும் சுளுக்கு. லேசான சுளுக்குக்கே ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும். வெள்ளிக்கிழமை வீங்கின கால் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. ஆகவே "பாப்போம்" என்று எழுத இடமே இல்லை. அன்றைக்கே முடிவைச் சொல்லிவிடலாம்.

படி 2: எழுதுங்கள்

நான் எழுதியிருக்க வேண்டிய மெசேஜ் இது:

"அண்ணே, ஞாயிறு நோர்வூட் மெட்ச்ல நான் விளையாட ஏலாது. என் பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குப் படியில வழுக்கி இடது கணுக்கால் மடங்கிருச்சு. வீங்கியிருக்கு, நொண்டித்தான் நடக்குறேன். பந்து போடுறப்ப அந்தக் கால ஊன்றித்தான் போடுவேன், அதனால ஓவர் போட ஏலாது, பீல்டிங்கும் ஏலாது. கீழ் டிவிசன்ல லெப்ட் ஆம் போடுற தம்பிகிட்ட கேட்டேன், ஞாயிறு வர ஏலுமாம். எடுக்கிறது உங்க முடிவு. ரெண்டு புதுப் பந்தும் கீப்பர் கிளவுசும் என்கிட்ட இருக்கு, நாளைக்கு அந்திக்குள்ள உங்க வீட்டுக்குக் குடுத்து விடுறேன். மன்னிச்சுக்குங்க அண்ணே."

முதல் வரியிலேயே எந்த மெட்ச், விளையாட முடியாது என்பது வந்துவிட வேண்டும். நாம் வழக்கமாகச் சுகம் விசாரித்து, நடந்த கதையைச் சொல்லி, கடைசியில்தான் விசயத்துக்கு வருவோம். வேலையில் இருக்கிற ஆள் போனில் மேலே தெரிகிற ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். "பேர எடுத்துருங்க" என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாவிட்டால், நம்மேல் உள்ள பாசத்தில் கெப்டன் கடைசிவரை காத்திருப்பார்.

காயத்தைப் பற்றி மூன்று விசயம் போதும்: எங்கே, எப்போது, எதைச் செய்ய முடியவில்லை. மூன்றாவதுதான் கெப்டனுக்கு உண்மையில் தேவைப்படுவது. "கால் வலி" என்றால் அவர், ஸ்லிப்பில் நிற்கலாம், கடைசியில் பேட் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவார். வலது கையால் வேகமாகப் போடுகிறவனுக்கு முழு உடம்புப் பாரமும் இடது காலில்தான் இறங்கும் என்று ஒரு வரி எழுதினால் அவருக்கு உடனே விளங்கும். வீங்கின காலைப் படம் எடுத்து அனுப்பத் தேவையில்லை. கேட்டால் அனுப்பலாம்.

மாற்று ஆளைப் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். தம்பியிடம் வரமுடியுமா என்று மட்டும்தான் கேட்க வேண்டும். "நீதான் எனக்குப் பதில்" என்று சொல்லிவிட்டால், கெப்டன் வேறு ஆளை எடுக்கும்போது அந்தத் தம்பி மனசு நோகும், கெப்டனுக்கும் சங்கடம். போட்டிக்கு முன்பே பெயர் பதிந்த ஆட்கள்தான் ஆடலாம் என்ற விதி இருந்தால், பதிந்தவர்களில் ஒருவரைச் சொல்லுங்கள்.

சாமானை மறக்க வேண்டாம். பந்து, கிளவுஸ், வேனுக்குச் சேர்த்த காசு, எது உங்களிடம் இருந்தாலும் எப்போது, யார் மூலம் வரும் என்று எழுதுங்கள்.

படி 3: அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்

முதலில் கெப்டனுக்குத் தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் "என்ன ஆச்சு", "கவனம் மச்சான்" என்று வரிசையாக வந்து விழும். மெசேஜ் மேலே போய்விடும், கெப்டன் பார்க்காமலே விட்டுவிடுவார். அவர் பதில் சொன்ன பிறகு, அவர் விருப்பப்படி குரூப்பில் போடலாம்.

எங்கள் பக்கத்தில் மலை மறைக்கிற இடத்தில் சிக்னல் கிடைக்காது. வட்ஸ்அப்பில் ஒரு டிக் மட்டும் இருந்தால் மெசேஜ் அவர் போனுக்கே போகவில்லை. இரண்டு டிக் வந்தால் போய்விட்டது, ஆனால் படித்தாரா என்று தெரியாது. இரண்டு டிக் வந்தும் ஒரு மணித்தியாலத்தில் பதில் இல்லை என்றால் கோல் எடுங்கள். ஒரு டிக்கிலேயே நின்றால் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அல்லது அவர் லயத்துப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி விடுங்கள். மெட்ச் அன்று காலையில்தான் அடிபட்டது என்றால் மெசேஜே வேண்டாம், நேராகக் கோல்.

படி 4: "சும்மா வந்து நில்லு தம்பி" என்றால்

ஆள் குறைவாக இருந்தால் இந்தப் பதில் வரும். மூத்தவர் கேட்கும்போது மறுப்பது கஷ்டம்தான். ஆனாலும் இங்கே மனம் இளகினால் பழைய நிலைக்கே வந்துவிடுவோம். நான் இப்போது இப்படி எழுதுவேன்:

"வாறேன் அண்ணே, ஸ்கோர் எழுதுறேன். லிஸ்ட்ல மட்டும் என் பேரப் போடாதீங்க. நான் நின்னா ஒரு ஆள் எடம்தான் வீணாப் போகும்."

படி 5: அடுத்த மெட்ச்சுக்கு

எப்போது திரும்புவீர்கள் என்று கெப்டன் கேட்டால் தேதி கொடுக்காதீர்கள், எப்போது சொல்வீர்கள் என்பதைக் கொடுங்கள்: "வாற புதன்கிழமை சொல்றேன் அண்ணே." அதற்கு முதல் நாள் அடிபட்ட காலில் மட்டும் நின்று பத்துத் தடவை குதித்துப் பாருங்கள். பிறகு ஓடி வந்து ஆறு பந்து போடுங்கள். இரண்டையும் வலியில்லாமல் செய்து, மறுநாள் காலையில் வீக்கமும் இல்லை என்றால் "பேரப் போடுங்க" என்று அனுப்பலாம். இல்லாவிட்டால் படி 2-இல் உள்ள முதல் இரண்டு வரியை, மெட்ச் பெயரை மாற்றி, அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.