இரண்டு வேலைக்குத் தேர்வானவரிடம் விருப்பம் கேட்கிறீர்களா? மேனேஜர்கள் செய்யும் தவறுகள்

"உங்கள் ப்ரொஃபைல் எங்களிடம் இரண்டு வேலைகளுக்குப் பொருந்துகிறது. ஜே.டி. இரண்டையும் இணைத்திருக்கிறேன். எதில் விருப்பம் என்று இன்றைக்குள் சொல்லுங்கள்."

பெங்களூரில் ஆள் எடுக்கும் மேனேஜர்கள் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "எதுவானாலும் சரி சார்." அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாம் மாதம் அவர் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகும்போதுதான், எதுவும் சரியாக இருக்கவில்லை என்பது நமக்குத் தெரியவரும். குறை கேள்வியில்தான் இருக்கிறது. ஒன்றைச் சொன்னால் மற்றது கைவிட்டுப் போகுமோ என்ற பயம் அவருக்கு. ஆர்வத்தைச் சோதிக்கிறார்களோ என்ற சந்தேகம் வேறு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் குடியிருக்கும் ஒரு பெண், மேனுவல் டெஸ்டிங்கில் மூன்று வருட அனுபவம். இரண்டு சுற்று இன்டர்வியூவும் முடிந்துவிட்டது. ஒரே கம்பெனியின் இரண்டு குழுக்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ஒன்று எலக்ட்ரானிக் சிட்டியில் டெஸ்டிங் ஆட்டோமேஷன். மற்றது ஒயிட்ஃபீல்டில் அப்ளிகேஷன் சப்போர்ட். அதில் ஷிஃப்ட் உண்டு.

முதல் தவறு, கடிதம் எழுதுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இரண்டு இடங்களுக்கும் ஒப்புதல் இருக்கிறதா என்று உறுதி செய்யாமலே கேட்டுவிடுகிறோம். அவர் ஆட்டோமேஷன் என்கிறார். அந்த இடம் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போனது என்று ஹெச்.ஆர். பிறகு சொல்கிறார். விருப்பம் கேட்டுவிட்டு மற்றதைக் கொடுத்தால், கேட்காமலே இருந்ததைவிட மோசம். மற்ற குழுவின் மேனேஜரோடும் ஹெச்.ஆரோடும் உட்கார்ந்து மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் உண்மையிலேயே திறந்திருக்கும் இடங்களா? சம்பள வரம்பு என்ன? அவர் சொல்லும் விருப்பமே முடிவா, அல்லது முடிவெடுக்கும்போது பார்க்கும் விஷயங்களில் ஒன்றா? மூன்றாவதற்கான விடை கடிதத்தில் எழுத்தாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது, நம் வேலையைப் பத்து வரியிலும் மற்றதை இரண்டு வரியிலும் எழுதுவது. பொய் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். ஆனாலும் நம் பக்கம் இழுக்கிறோம் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். சப்போர்ட் மாதிரி ஆள் கிடைக்கச் சிரமமான இடம் நம்முடையது என்றால் இந்த ஆசை இன்னும் அதிகமாக வரும். இரண்டுக்கும் ஒரே கேள்விகளை வைத்துக்கொண்டு எழுதினால் இது குறையும்: முதல் ஆறு மாதம் என்ன வேலை, யாரிடம் ரிப்போர்ட் செய்வது, எந்த நேரம், எங்கே, எவ்வளவு, எது கஷ்டம். மற்ற குழுவைப் பற்றிய பத்தியை அந்தக் குழுவின் மேனேஜரே திருத்தித் தரட்டும். ஜே.டி.யை அப்படியே ஒட்டுவதில் பயனில்லை. "நல்ல தகவல்தொடர்புத் திறன்" என்பது இரண்டிலும்தான் இருக்கும்.

சம்பளத்தில் நடக்கும் தவறைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சப்போர்ட்டுக்கு சி.டி.சி. 9 லட்சம், ஆட்டோமேஷனுக்கு 8.4 லட்சம் என்று மட்டும் எழுதினால், யாரும் முதலாவதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த 9 லட்சத்தில் 10 சதவீதம் வேரியபிள் என்றால், நிச்சயமானது 8.1 லட்சம், மாதக் கணக்கில் 67,500 ரூபாய். 8.4 லட்சம் முழுவதும் ஃபிக்ஸட் என்றால் மாதம் 70,000. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுட்டி போன்றவை சி.டி.சி.க்குள்ளேயே இருந்தால், இரண்டிலும் கைக்கு வருவது இன்னும் குறையும். ஆக, பெரிய எண் உள்ள வேலையில் மாதா மாதம் வருவது சிறியது. வேரியபிள் எப்போது, எதன் அடிப்படையில் வரும், ஷிஃப்ட் அலவன்ஸ் தனியா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பிட முடியும். "சம்பளம் பிறகு பேசலாம்" என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அது தெரியாமல் சொல்லும் விருப்பம், தெரிந்ததும் மாறிவிடும்.

இடமும் அப்படித்தான். "பெங்களூர் ஆபீஸ்" என்று எழுதினால் ஓசூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது. எலக்ட்ரானிக் சிட்டி அவருக்கு அத்திப்பள்ளி தாண்டி நேர் சாலை. ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போவதென்றால் பொம்மசந்திராவில் மஞ்சள் தடத்தில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாற வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும், இரவு ஷிஃப்டுக்குக் கம்பெனி கேப் ஓசூர் வரை வருமா, மாநில எல்லையோடு நின்றுவிடுமா? அவருடைய முடிவே இதில் இருக்கலாம்.

இனி, அனுப்பத்தக்க கடிதம் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

"வணக்கம். இரண்டு சுற்றிலும் நன்றாகச் செய்திருந்தீர்கள். எங்கள் இரண்டு குழுக்கள் உங்களை எடுத்துக்கொள்ள விரும்புகின்றன. இது இன்னும் ஆஃபர் இல்லை. ஆஃபர் லெட்டர் வரும்வரை தயவுசெய்து பேப்பர் போட வேண்டாம்.

ஆட்டோமேஷன், எலக்ட்ரானிக் சிட்டி: முதல் ஆறு மாதம், கையால் செய்துவரும் டெஸ்ட்களை செலினியத்தில் ஸ்கிரிப்டாக மாற்றுவது. ஜாவா படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பகல் வேலை, வாரம் மூன்று நாள் நேரில். ரிலீஸ் வாரங்களில் நேரம் நீளும். 8.4 லட்சம், முழுவதும் ஃபிக்ஸட்.

சப்போர்ட், ஒயிட்ஃபீல்ட்: வாடிக்கையாளர் அனுப்பும் டிக்கெட்டுகளுக்கு லாக் பார்த்து, எஸ்.க்யூ.எல். எழுதி, காரணம் கண்டுபிடிப்பது. நான்கு வாரத்தில் ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். கேப் அத்திப்பள்ளி வரை மட்டும். வாரம் ஐந்து நாளும் நேரில். 9 லட்சம், அதில் 90,000 வேரியபிள், வருடத்துக்கு ஒருமுறை. ஷிஃப்ட் அலவன்ஸ் தனி. இந்தக் குழு என்னுடையது. ஆட்டோமேஷன் பற்றி எழுதியதை அந்தக் குழுவின் மேனேஜர் சரிபார்த்திருக்கிறார்.

உங்கள் 90 நாள் நோட்டீஸுக்கு ஆட்டோமேஷன் குழு காத்திருக்கும். சப்போர்ட்டுக்கு 45 நாளில் ஆள் தேவை.

எது முதல் விருப்பம், மற்றது இரண்டாவதாகச் சம்மதமா அல்லது வேண்டவே வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். உங்கள் விருப்பத்துக்கே முதலிடம். அந்த இடம் வேறொருவருக்குப் போனால் மட்டும், நீங்கள் சம்மதம் சொல்லியிருந்தால், மற்றதைப் பேசுவோம். ஒன்றை வேண்டாம் என்பதால் மற்றதில் பாதிப்பு வராது. இரண்டு குழுக்களிலும் வேலை செய்பவர்களிடம் பேசிப் பார்க்க விரும்பினால் ஏற்பாடு செய்கிறேன்."

பேப்பர் போட வேண்டாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "இரண்டு குழுக்கள் உங்களை விரும்புகின்றன" என்றதுமே வேலை கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மறுநாளே ராஜினாமா கொடுப்பவர்கள் உண்டு. "வேண்டவே வேண்டாமா" என்ற கேள்வியும் முக்கியம். அது இல்லாவிட்டால், இரண்டாவதாகச் சொன்னதைச் சம்மதம் என்று ஹெச்.ஆர். எடுத்துக்கொண்டு அதற்கே ஆஃபர் அனுப்பிவிடலாம்.

இவ்வளவு எழுதியும் "எதுவானாலும் சரி" என்றே பதில் வந்தால், மீண்டும் எழுதாமல் போனில் பேசுங்கள். எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள். "இரவு ஷிஃப்ட் வாரம் வீட்டில் எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்பது மாதிரி ஒரு குறிப்பான விஷயத்தைக் கேட்டால் உண்மையான விருப்பம் தானாக வெளியே வரும்.

விருப்பம் வந்தபின் ஒரு வேலை பாக்கி. ஆள் எடுக்கும் சாஃப்ட்வேரில் மற்ற இடத்தை மூடும்போது, "வேலையில் ஆர்வமில்லை" என்று காரணம் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு அவர் பெயரிலேயே தங்கிவிடும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது புதிய மேனேஜர் அதைத்தான் முதலில் படிப்பார். "எங்கள் இன்னொரு குழுவுக்குப் பரிசீலனையில் உள்ளார்" என்று எழுதச் சொல்லுங்கள்.