வராக்கடன் எழுதும் முன்: ஏஜிங் அறிக்கை எங்கே பொய் சொல்லத் தொடங்குகிறது

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி டைல் பட்டறைகள் சிலவற்றில் இப்போது டாலி, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற கணக்கு மென்பொருள் ஓடுகிறது. ஆனாலும் மார்ச் மாதம் ஆடிட்டர் வந்து உட்காரும்போது ‘இந்த பாக்கி எந்த பில்லுக்கு?’ என்று கேட்டால் பதில் வருவதில்லை. தவறு அன்றைக்கு நடந்ததல்ல. பணம் வந்த நாளில், வரவு வைத்த விதத்தில் நடந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேவகோட்டைக் கான்ட்ராக்டர் ஒருவருக்கு 30 நாள் கடனில் மூன்று பில். தொகைகள் 18% ஜிஎஸ்டி சேர்ந்தவை என்று வைத்துக்கொள்வோம்.

- பில் 112: 10-06-2024, ரூ.1,18,000
- பில் 140: 05-09-2024, ரூ.59,000
- பில் 163: 20-12-2024, ரூ.88,500

ஆகஸ்டில் ரூ.1,18,000 வந்தது. பிப்ரவரியில் ரூ.88,500 வந்தது. 140-ஆம் பில்லில் வந்த டைல்களில் சில விரிசல் என்று சொல்லி அதற்கு மட்டும் அவர் பணம் தரவில்லை. பாக்கி ரூ.59,000.

இங்கே முதல் தவறு, இரண்டு வரவையும் டாலியில் `On Account` என்று போட்டு முடிப்பது. அவசரத்தில் எல்லாரும் செய்வதுதான். கட்சியின், அதாவது வாடிக்கையாளரின், மொத்த பாக்கி சரியாக இருக்கும், ஐந்தொகையும் நேராகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் மார்ச் 31 ஏஜிங் அறிக்கையில் மூன்று பில்லும் நிலுவையாகவே நிற்கும். ரூ.2,06,500 வரவு எந்த பில்லோடும் சேராமல் தனியாகக் கிடக்கும். ஈஆர்பிநெக்ஸ்ட்டிலும் இதே கதைதான்: `Payment Entry`-யில் பில்லைச் சேர்க்காமல் விட்டால், காசு வந்த பில்லும் `Overdue` என்றே காட்டும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்துக்கொண்டு போவது இரண்டாவது தவறு. முதலாவதைவிட இதுதான் மோசம். அப்படிக் கழித்தால் 112, 140 இரண்டும் தீர்ந்து, மீதி ரூ.59,000 163-ஆம் பில்லில் நிற்கும். அதன் கெடு ஜனவரி 19. அப்படியானால் 71 நாள் பாக்கிதானே என்று தோன்றும். உண்மையில் நிற்பது 140. அதன் கெடு அக்டோபர் 5, தாண்டி 177 நாள் ஆகிவிட்டது. தகராறான பில் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறது. சட்டப்படியும் இது சரியில்லை. எந்தக் கடனுக்கு என்று கடனாளி குறிப்பிட்டுக் கொடுத்தாலோ, சூழ்நிலையிலிருந்து அது தெரிந்தாலோ, ஏற்றுக்கொண்ட பணத்தை அந்தக் கடனுக்குத்தான் வைக்க வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. பில் தொகை காசு பிசகாமல் வந்திருப்பதே ஒரு குறிப்புதான். சந்தேகம் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

திருத்துவது கடினமல்ல. டாலியில் கட்சி லெட்ஜரில் `Maintain balances bill-by-bill` என்பது `Yes`-ஆக இருக்க வேண்டும். பிறகு அந்த ரசீது வவுச்சரைத் திறந்து `On Account`-ஐ `Agst Ref` ஆக்கி, பில் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் `Payment Reconciliation` திரையில் பில்லையும் வரவையும் இணைக்கலாம். அது தானாகப் பரிந்துரைக்கும் ஒதுக்கீட்டை அப்படியே ஏற்காமல் பில் எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புது மென்பொருளுக்கு மாறும்போதும் இதே கோளாறு வேறு வழியில் வரும். ஒரு கட்சியின் பழைய பாக்கி முழுவதையும் ஏப்ரல் 1 தேதியில் ஒரே தொகையாக ஏற்றினால், இரண்டு வருடப் பாக்கியும் அன்றைக்குப் பிறந்ததாகிவிடும். பில் பில்லாக, பழைய தேதியோடும் கெடுவோடும் ஏற்றுங்கள். ஒரு நாள் கூடுதல் வேலைதான்.

நினைவூட்டலுக்கு வருவோம். வரவு சேராத அறிக்கையிலிருந்து கடிதம் அச்சடித்தால், ஆகஸ்டிலேயே தீர்த்த 112-ஆம் பில்லையும் கேட்டு அவருக்குக் கடிதம் போகும். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் இந்த ஊர்களில் அப்படி ஒரு கடிதம் போனால், அடுத்த சரியான கடிதத்தையும் அவர் பிரிக்கமாட்டார். ‘கணக்கே தெரியாமல் கேட்கிறான்’ என்ற பேச்சும் கிளம்பும். அதனால் தானியங்கி நினைவூட்டலை முடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள்: சேராத வரவு எதுவும் இருக்கக் கூடாது, தகராறு பில்கள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டிருக்க வேண்டும். 140-க்குத் தேவை கடிதமல்ல, ஒரு ஆள் நேரில் போய் விரிசல் டைலை எண்ணுவது.

எண்ணி முடித்த பிறகு எழுதும் கடிதத்தில் பில் எண், தேதி, தொகை, கெடு நான்கும் இருக்கட்டும். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்று உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் இன்னொன்றும் சொல்லலாம்: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த வரியை அவர் வட்டியோடு திருப்ப வேண்டும், பணம் கொடுத்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். 140-க்கு அந்த 180-ஆம் நாள் 2025 மார்ச் 4. பிப்ரவரி நடுவிலேயே இதைச் சொல்லியிருந்தால் பலன் இருக்கும். ஏஜிங் அறிக்கை 140-ஐத் தீர்ந்ததாகக் காட்டினால் யாருக்கும் சொல்லத் தோன்றாது.

இனி எழுதித் தள்ளுவது. நேரில் பார்த்ததில் ரூ.11,800-க்கான டைல் நிஜமாகவே விரிசல் என்று வைப்போம். அதற்கு கிரெடிட் நோட் போடலாம்: சரக்கு ரூ.10,000, வரி ரூ.1,800. 2024-25 பில்லுக்கு இதை 2025 நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் ஜிஎஸ்டி கணக்கில் காட்ட வேண்டும். மீதி ரூ.47,200 வராது என்று முடிவானால் அதற்கும் கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பெரிய பிழை. சரக்கு திரும்புதல், குறைபாடு, கூடுதல் விலை அல்லது வரி போன்றவற்றுக்குத்தான் கிரெடிட் நோட். பணம் வரவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கட்டிய வரி கட்டியதுதான். இதற்குப் போட வேண்டியது ஜர்னல்:

```
பற்று: வராக்கடன்        47,200
  வரவு: கட்சி கணக்கு    47,200  (Agst Ref: பில் 140)
```

ஈஆர்பிநெக்ஸ்ட்டில் கட்சி வரியில் `Reference Type` `Sales Invoice` என்றும், பில் எண்ணும் கொடுக்க வேண்டும். அதை விட்டால் கட்சிப் பாக்கி பூஜ்யம் ஆகும், பில் மட்டும் அறிக்கையில் ஆவியாய் அலையும்.

இந்த ஜர்னல் மார்ச் 31-க்குள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். வராமல் போகலாம் என்று ‘ஒதுக்கீடு’ மட்டும் வைத்தால் வருமான வரியில் கழிவு கிடைக்காது. கட்சிக் கணக்கிலிருந்து நிஜமாகவே எழுதித் தள்ளியிருக்க வேண்டும். கடன் வராது என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, கணக்கில் தள்ளினால் போதும் என்று 2010-இல் டிஆர்எஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக கல்லாவில் பணம் வாங்குபவரிடமே தள்ளும் அனுமதியையும் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிய காசை மறைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

தள்ளியதால் கேட்கும் உரிமை போகாது. கெடு முடிந்ததிலிருந்து 3 ஆண்டு, அதாவது 2027 அக்டோபர் தொடக்கம்வரை வழக்குப் போடலாம். அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு. ஆகவே மென்பொருளில் பூஜ்யம் காட்டுகிறதே என்று ‘பாக்கி இல்லை’ எனும் கணக்கு உறுதிக் கடிதத்தை அனுப்பிவிடாதீர்கள். பின்னால் அவர் ரூ.20,000 கொண்டுவந்து கொடுத்தால் கட்சிக் கணக்கில் வைக்காமல் ‘வராக்கடன் மீட்பு’ என்ற வருமானத் தலைப்பில் வையுங்கள். கட்சிக் கணக்கில் வைத்தால் அது முன்பணமாக நின்று, அடுத்த பில்லில் தானாகக் கழிந்துபோகும்.