ஏபிஜி சாம்பிள்: ஹெப்பாரின், குமிழி, லேட் ஆகுறது, இந்த மூணும் ரிப்போர்ட்டை எப்படி மாத்தும்

புதுசா ஐசியூ போஸ்டிங் வர்ற இன்டர்ன்ஸ், ஸ்டாஃப் நர்ஸ் எல்லாருக்கும் ஆர்ட்டரி கிடைக்குமாங்கறதுதான் பயம், ஆனா ரத்தம் சிரிஞ்சுக்குள்ள வந்ததுக்கு அப்புறம்தான் பாதி சாம்பிள் கெடுது, அதனால குத்துற டெக்னிக்கை விட்டுட்டு சிரிஞ்சு ரெடி பண்றதுல இருந்து மெஷின் வரைக்கும் மட்டும் பாப்போம்.

முதல்ல சிரிஞ்சு. உள்ளயே காஞ்ச ஹெப்பாரின் போட்டு வர்ற ஏபிஜி சிரிஞ்சு இருந்தா அதையே எடுங்க, பாதி தலைவலி போச்சு. நம்ம ஊர்ல நிறைய வார்டுல சாதா 2 மில்லி சிரிஞ்சும் ஹெப்பாரின் வயலும்தான் இருக்கும். அப்போ கொஞ்சமா ஹெப்பாரின் இழுத்து, பிளஞ்சரை பின்னாடி இழுத்து உள்சுவர் முழுக்க நனைய விட்டு, ஊசியை மேல பாத்து வச்சு மொத்தத்தையும் வெளிய தள்ளிடுங்க. ஊசியிலயும் அதோட அடியிலயும் ஒட்டியிருக்கறது, சுமாரா 0.1 மில்லி, அதுவே போதும். "உறைஞ்சிடுமோ"ன்னு பயந்து கொஞ்சம் உள்ளயே விட்டு வைக்கறதுதான் இங்க பெரிய தப்பு.

அது என்ன பண்ணும்னு கணக்கு போட்டே பாப்போம். ஒருத்தருக்கு உண்மையான அளவு pH 7.40, pCO2 40, HCO3 24, Hb 12ன்னு வைங்க. சிரிஞ்சுல 0.25 மில்லி ஹெப்பாரின் இருக்கு, ரத்தம் 0.75 மில்லிதான் வந்துச்சு, அதாவது மொத்தத்துல கால்வாசி ஹெப்பாரின். அந்த திரவத்துல கார்பன் டை ஆக்சைடும் இல்ல பைகார்பும் இல்ல, அதனால ரெண்டும் ஒரே விகிதத்துல குறையும், கிட்டத்தட்ட pCO2 30, HCO3 18. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற விகிதம் மாறாததால pH மட்டும் அதே 7.40லயே நிக்கும். இதைப் பாக்கறவங்க "மெட்டபாலிக் அசிடோசிஸ், நல்லா காம்பென்சேட் ஆயிருக்கு"ன்னு எழுதிட்டு லாக்டேட் அனுப்பு, ப்ளூயிட் போடுன்னு ஓட ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா காம்பென்சேஷன் பொதுவா pH-ஐ முழுசா நார்மலுக்கு கொண்டு வராது, அதனால 7.40ன்னு கச்சிதமா நின்னாலே ஒரு சந்தேகம் வரணும். கூடவே அதே ஷீட்ல Hb பாருங்க, 9ன்னு காட்டும், காலைல லேப்ல 12 வந்திருக்கும், ரத்தப்போக்கும் இல்ல. பொட்டாசியம், குளுக்கோஸும் கீழ வந்திருக்கும், அயனைஸ்டு கால்சியம் இன்னும் அதிகமா விழும், ஏன்னா சாதா ஹெப்பாரின் கால்சியத்தை பிடிச்சு வச்சுக்கும்.

ஹெப்பாரினை ஒழுங்கா தள்ளியிருந்தாலும் அரை மில்லி ரத்தம் மட்டும் எடுத்தா அந்த 0.1 மில்லியே ஆறுல ஒரு பங்கு ஆயிடும், அதனால குறைஞ்சது 1.5 மில்லியாவது எடுங்க.

அடுத்து குமிழி. ரூம் காத்துல pO2 சுமார் 150, pCO2 கிட்டத்தட்ட பூஜ்யம். சாம்பிள் காத்தைத் தொட்டா ரெண்டும் அந்தப் பக்கமா நகரும், pCO2 குறையும், pH கொஞ்சம் ஏறும். pO2 நிஜத்துல 55 இருக்கற பேஷண்ட்டுக்கு 70 காட்டி நம்மள ஏமாத்திடும், ஆனா வென்டிலேட்டர்ல நிறைய ஆக்சிஜன் வாங்கி 300 இருக்கறவருக்கு குறைச்சுக் காட்டும். ஒரு பெரிய குமிழியை விட நுரை மோசம், காத்து தொடுற பரப்பு அதிகம். அதனால பிளஞ்சரை வேகமா இழுக்காதீங்க, எடுத்த உடனே சிரிஞ்சை நிமிர்த்தி தட்டி காத்தை மேல கொண்டு வந்து, நுனியில காஸ் வச்சு தள்ளிட்டு மூடி போடுங்க. அதுக்கப்புறம்தான் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல உருட்டி, தலைகீழா கவுத்து கலக்கணும். காத்தை உள்ள வச்சுக்கிட்டே குலுக்கினா எல்லாம் வீண்.

நேரம் போறது எங்கன்னா, குத்தின இடத்தை 5 நிமிஷம் அழுத்திப் பிடிச்சிட்டு இருப்போம், சிரிஞ்சு கலக்காம ட்ரேல கிடக்கும், அப்புறம் அட்டெண்டரைத் தேடுவோம். அழுத்திப் பிடிக்க ஒருத்தர், சாம்பிளைப் பாக்க ஒருத்தர்னு முதல்லயே பேசிக்கிட்டா சரியாப் போச்சு. பிளாஸ்டிக் சிரிஞ்சுன்னா ரூம் டெம்பரேச்சர்லயே 30 நிமிஷத்துக்குள்ள ஓட்டிடணும். வெளிய வந்த அப்புறமும் செல்லுங்க உயிரோடதான் இருக்கு, ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் சாப்பிட்டு கார்பன் டை ஆக்சைடும் லாக்டேட்டும் விடும், அதனால pO2, pH இறங்கும், pCO2 ஏறும். சரி ஐஸ்ல வச்சிடலாமேன்னா பிளாஸ்டிக்குக்கு அது வேண்டாம், குளிர்ல வெளி ஆக்சிஜன் ரத்தத்துல கரையும், பொட்டாசியமும் பொய்யா ஏறும். ஐஸ் எல்லாம் கண்ணாடி சிரிஞ்சு காலத்துப் பழக்கம்.

லுக்கீமியா பேஷண்ட், வெள்ளணு லட்சக்கணக்குல இருக்குன்னா அந்த 30 நிமிஷக் கணக்கையும் நம்பாதீங்க, சில நிமிஷத்துலயே pO2 சரிஞ்சிடும், கையோட ஓடிப்போய் மெஷின்ல போடுங்க, அப்பவும் விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் 97 காட்டி ரிப்போர்ட்ல pO2 40ன்னு வந்தா ஆக்சிமீட்டர் பக்கம்தான் முதல்ல நான் நிப்பேன்.