மழைக்கு 70% வாய்ப்பு: அந்த எண்ணைப் படிப்பது எப்படி?

வானிலை ஆப்பில் "நாளை மழைக்கு 70% வாய்ப்பு" என்று வருகிறது. நாளில் முக்கால்வாசி நேரம் பெய்யும் என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார். ஊரில் 70 சதவீத இடங்களில் பெய்யும் என்கிறார் இன்னொருவர். கொட்டித் தீர்க்கப் போகிறது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. மூன்றுமே அந்த எண் சொல்வதில்லை. ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் மக்களிடம் இதைக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. அதில் நியூயார்க்கில் மட்டும்தான் பெரும்பாலானோர் சரியான பொருளைச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1960-களிலிருந்தே முன்னறிவிப்பில் சதவீதம் சொல்லி வருகிறார்கள், பழக்கம் கைகொடுத்திருக்கலாம்.

வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்கும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளை காலை அடித்து 12 மணிக்கு முடிக்கலாம். அப்புறம் காய்வதற்கு மூன்று மணி நேரம் வேண்டும். அடிக்கலாமா, தள்ளிப்போடலாமா?

படி 1: எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள்

"70% வாய்ப்பு" என்பது பாதி வாக்கியம்தான். மீதியை நாம் நிரப்ப வேண்டும்.

எங்கே? முன்னறிவிப்பு சொல்லும் பகுதிக்குள் எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும் அந்த இடத்தில். அதாவது உங்கள் சுவர் நிற்கும் அந்த ஒரு புள்ளியில். எப்போது? குறிப்பிட்ட கால அளவுக்குள். அது 12 மணி நேரமாக இருக்கலாம், ஒரு முழு நாளாக இருக்கலாம், ஒரே ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம்.

எவ்வளவு என்ற கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க வானிலைச் சேவை 0.01 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் பெய்தாலே அதை மழை என்று கணக்கில் சேர்க்கிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் கால் லிட்டர் தண்ணீரைப் பரப்பினால் எவ்வளவோ, அவ்வளவுதான் இது. தரை நனையும், தேங்காது. ஜப்பானிய வானிலை நிறுவனமோ 6 மணி நேரத்தில் 1 மில்லிமீட்டராவது பெய்ய வேண்டும் என்கிறது. ஆக, ஒரே வானத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண்கள் வந்தால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். உங்கள் ஆப் எந்த அளவை வைத்திருக்கிறது என்பதை அதன் உதவிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாய்ப்பு 70% என்பது பலத்த மழைக்கு அறிகுறி அல்ல. 90% வாய்ப்புள்ள நாளில் வெறும் தூறலோடு முடியலாம். 20% வாய்ப்புள்ள நாளில் இடிமழை வெளுத்து வாங்கலாம். பெயின்ட் கரைந்து ஓடுமா என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் மில்லிமீட்டர் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படி 2: 70 எதை எண்ணுகிறது?

இன்றைய காற்று, ஈரப்பதம், வெப்பநிலை ஆகியவற்றை எவ்வளவு கவனமாக அளந்தாலும் சிறு பிழை இருக்கும். அதனால் கணினி மாதிரியை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதில்லை. தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டுகிறார்கள். நடுத்தர கால முன்னறிவிப்புகளுக்கான ஐரோப்பிய மையம் 51 ஓட்டங்களை ஓட்டுகிறது. அவற்றில் 36 ஓட்டங்கள் உங்கள் இடத்தில் மழை காட்டினால் ஏறக்குறைய 70%. அதை அப்படியே வெளியிடாமல், முன்பு இப்படிக் காட்டிய நாட்களில் உண்மையில் எத்தனை முறை பெய்தது என்று பார்த்துத் திருத்துவதும் உண்டு.

இப்போது வாக்கியம் முழுமையாகிறது: இதேபோல 70% என்று சொல்லப்பட்ட பத்து நாட்களை எடுத்தால், சுமார் ஏழு நாட்களில் உங்கள் இடத்தில் அந்த நேரத்துக்குள் அளக்கும்படியாக மழை பெய்திருக்கும். மூன்று நாட்களில் பெய்திருக்காது.

பரப்பளவு பற்றிய குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேகக்கூட்டம் வருவது 70% நிச்சயம், வந்தால் பகுதி முழுவதும் பெய்யும் என்றால் உங்கள் சுவருக்கு 70%. மழை வருவது உறுதி, ஆனால் 70% பரப்பில்தான் விழும், எங்கே என்று தெரியாது என்றாலும் உங்கள் சுவருக்கு அதே 70%தான். எண்ணை மட்டும் பார்த்து இந்த இரண்டில் எது என்று சொல்ல முடியாது. "பரவலான மழை", "ஆங்காங்கே இடியுடன் மழை" என்ற எழுத்து வரிகளில்தான் அது தெரியும்.

படி 3: மணிவாரி எண்களைக் கூட்டாதீர்கள்

சரி, நமக்கு வேண்டியது 12 முதல் 3 மணி வரை. ஆப் அந்த மூன்று மணி நேரத்துக்கும் 40%, 40%, 30% என்று காட்டுகிறது. கூட்டினால் 110% வரும். அதற்குப் பொருளே இல்லை. சராசரி எடுப்பதும் தவறு. மூன்று மணி நேரத்தில் ஒரு தடவையாவது பெய்யும் வாய்ப்பு, அவற்றில் பெரிய எண்ணைவிட, அதாவது 40%-ஐ விடக் குறையவே முடியாது.

மேல் எல்லைக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு மணி நேரமும் மற்றதோடு தொடர்பில்லாதது என்று வைத்துக்கொண்டால், மூன்றிலும் பெய்யாமல் இருக்கும் வாய்ப்பு:

```
0.6 × 0.6 × 0.7 = 0.252
```

அப்படியானால் பெய்யும் வாய்ப்பு ஏறக்குறைய 75%. உண்மை பெரும்பாலும் 40-க்கும் 75-க்கும் நடுவில் இருக்கும். வந்தால் விடாமல் பெய்யும் பரவலான மழை என்றால் 40 பக்கம் சாயும், ஏனென்றால் மூன்று மணி நேரமும் சேர்ந்தே நனையும் அல்லது சேர்ந்தே காயும். ஆங்காங்கே திடீரென்று கிளம்பும் இடிமழை என்றால் 75 பக்கம். நாள் முழுவதுக்கும் 70% என்றும், எந்த மணி நேரத்துக்கும் 40%-ஐத் தாண்டாமலும் ஒரே ஆப் காட்டுவதில் முரண்பாடு இல்லை.

படி 4: உங்கள் வேலைக்கான எல்லையைக் கண்டுபிடியுங்கள்

தள்ளிப்போட்டால் ஒரு நாள் வீண். அடித்த பிறகு மழை கழுவிக்கொண்டு போனால், சுரண்டி மறுபடி அடிக்க மூன்று நாள் வீண். ஒன்றை மூன்றால் வகுத்தால் 33%. இதுதான் எல்லை. வாய்ப்பு 30% என்றால், பத்து முறை துணிந்து அடிக்கும்போது மூன்று முறை கெடும், ஒன்பது நாள் வீண். பத்து முறையும் தள்ளிப்போட்டால் பத்து நாள் வீண். ஆகவே அடிக்கலாம். 40% என்றால் பன்னிரண்டு நாள் வீணாகும், தள்ளிப்போடுவதே மேல். நம் சுவருக்குக் குறைந்தபட்சமே 40% என்று வந்துவிட்டதால், நாளை வேண்டாம். ஆனால் எதிர்பார்க்கும் அளவு அரை மில்லிமீட்டர்தான், சுவருக்கு மேலே கூரையும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் பெயின்ட் கெடும் வாய்ப்பு இதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த எண்ணைத்தான் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

படி 5: ஆப்பைச் சோதியுங்கள்

70% என்று சொன்ன நாளில் பெய்யவில்லை என்பதால் முன்னறிவிப்பு பொய் ஆகிவிடாது. ஒரு நாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. முந்தைய மாலை காட்டிய எண்ணையும் மறுநாள் பெய்ததா என்பதையும் குறித்து வாருங்கள். இரவில் பெய்தது கண்ணில் படாமல் போகும் என்பதால், நேர்ப்பக்கமுள்ள ஒரு கண்ணாடிக் குவளையைத் திறந்த வெளியில் வையுங்கள். 70% நாட்கள் இருபது சேர்ந்தால் சுமார் 14-ல் பெய்திருக்க வேண்டும். 12 அல்லது 16 என்று வந்தால் அது இயல்பான ஏற்ற இறக்கம். ஐம்பது நாள் சேர்ந்த பிறகும் 25-ல்தான் பெய்திருக்கிறது என்றால், அந்த ஆப் மழையைக் கூட்டிச் சொல்கிறது. அதன் 70-ஐ உங்கள் கணக்கில் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.